x = 0-வில் மூன்று மதிப்பெண்

விடைத்தாள் திருத்தும் முகாமில் முதலில் நம்மிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வது கைபேசியை. அதற்குப் பதிலாக ஒரு அட்டைத்துண்டில் எண் எழுதித் தருவார்கள். பிறகு பின்னால் கதவைச் சாத்துவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை, இரண்டு தடவைதான் அந்தக் கதவு திறக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தது யார் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான்தான்.

கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அதில் ஒன்பது ஆண்டுகள் தேர்வுப் பிரிவிலும் இருந்தேன். கணிதத்தில் நான் செய்த எதுவும் நிலைக்கவில்லை. தேர்வுப் பிரிவில் நான் வடிவமைத்த படிவங்கள் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறை என்னைத் தலைமைத் தேர்வாளராக முகாமுக்கு அழைப்பது அதற்காகத்தான். படிவத்தில் எந்தக் கட்டத்தை எந்த மையில் நிரப்ப வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

நான் சொல்லப்போகும் முகாம், சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. மே மாதம். இரண்டாவது மாடியில் ஒரு நீளமான கூடம். ஜன்னல்களைத் திறக்கக் கூடாது, தாள் பறக்கும். மின்விசிறியையும் வேகமாக வைக்கக் கூடாது, அதே காரணம். குளிர்சாதனப் பெட்டிகள் சுவரில் இருந்தன, அழகுக்கு. அவ்வப்போது விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது ஒன்று கூரைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும். எட்டுத் தேர்வாளர்களும் ஒரே நேரத்தில் பேனாவை நிறுத்தி, அது போனதும் மீண்டும் கூட்டத் தொடங்குவார்கள்.

தலைமைத் தேர்வாளரின் வேலை எளிது. தினமும் காலையில் விடைக்குறிப்பைப் படித்து, சரி என்று கையெழுத்திட வேண்டும். வினாத்தாளைத் தயாரித்தவரே அனுப்பும் மாதிரி விடைகளும், எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்ற பங்கீடும்தான் விடைக்குறிப்பு. முகாமில் எல்லோரும் அதைச் சுருக்கமாகக் 'கீ' என்பார்கள். அதன் பிறகு, ஒவ்வொரு தேர்வாளரும் திருத்திய கட்டிலிருந்து சில தாள்களை உருவி, அவர் கீயின்படிதான் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். போடவில்லை என்றால் 'விலகல் அறிக்கை' என்று ஒரு படிவம் இருக்கிறது.

அன்று காலை ஒன்பதே காலுக்குக் கீயில் கையெழுத்திட்டேன். படித்துவிட்டா என்று கேட்காதீர்கள். டீ வந்துவிட்டது.

பதினோரு மணி இருக்கும். ஐந்தாவது மேசையின் கட்டிலிருந்து நான்கு தாள்களை உருவினேன். அந்த மேசையில் இருந்தவர் பம்மலிலிருந்து வரும் ஒரு பெண் தேர்வாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். வேறொரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். 'கௌரவம்' என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் என்ன பொருள் என்றால், ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்கிறதா என்று போய் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டுப் பேரில் மெதுவாகத் திருத்துபவர் அவர்தான். காரணம், எழுதியிருப்பதைப் படிப்பார்.

பதினான்காம் வினா. x⁵ − 5x⁴ என்ற சார்பின் தேக்கநிலைப் புள்ளிகளைக் கண்டு, அவற்றின் தன்மையைக் கூறுக. எட்டு மதிப்பெண்.

கணிதத்தைப் பள்ளியோடு விட்டவர்களுக்காக ஒரு பத்தி. ஒரு வளைகோட்டின் சாய்வு எங்கே பூஜ்யமாகிறதோ அது தேக்கநிலைப் புள்ளி. மேடேறி இறங்கும் உச்சியாக இருந்தால் பெருமம். இறங்கி ஏறும் அடியாக இருந்தால் சிறுமம். இரண்டும் இல்லாத மூன்றாவது சாதி ஒன்று உண்டு. x³ அப்படி. ஏறிக்கொண்டே வந்து, பூஜ்யத்தில் ஒரு கணம் சமதளமாகி, அதே திசையில் மீண்டும் ஏறும். பண்டிகைக்கு முந்தைய நாள் பெருங்களத்தூரில் தெற்கே போகும் பேருந்து போல. நின்றது என்பதற்காக ஊர் வந்துவிட்டது என்று யாரும் இறங்குவதில்லை.

எது எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க, சாய்வைத் தரும் முதல் வகைக்கெழுவை மறுபடி வகையிட்டு வரும் இரண்டாம் வகைக்கெழுவைப் பார்ப்பார்கள். அது நேர் எண் என்றால் சிறுமம், குறை எண் என்றால் பெருமம். பூஜ்யம் என்றால்? இங்கேதான் பாதி நாடு வழுக்கி விழும். பூஜ்யம் என்றால் இரண்டும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் பூஜ்யம் என்றால் அந்தச் சோதனை வாய் திறக்கவில்லை என்றுதான் பொருள். x³, x⁴, −x⁴ மூன்றுக்கும் பூஜ்யத்தில் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம். ஆனால் முதலாவது இரண்டும் இல்லை, அடுத்தது சிறுமம், மூன்றாவது பெருமம். எனவே நிறுத்தாமல் மேலே மேலே வகையிட வேண்டும். முதன்முதலில் பூஜ்யமாகாமல் நிற்பது மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றைப்படை வரிசையாக இருந்தால் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. இரட்டைப்படையாக இருந்தால் குறியைப் பார்த்துத் தீர்ப்பு. அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொல்ல பத்து நிமிடம் போதும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிடத்தை நானே பல ஆண்டுகள் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

கீயில் என்ன இருந்தது? முதல் வகைக்கெழு 5x³(x − 4). புள்ளிகள் x = 0, x = 4. இதற்கு மூன்று மதிப்பெண். x = 4-இல் இரண்டாம் வகைக்கெழு 320, ஆகவே சிறுமம். இரண்டு மதிப்பெண். x = 0-வில் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம், ஆகவே பெருமமும் அன்று, சிறுமமும் அன்று. மூன்று மதிப்பெண்.

ஐந்தாவது மேசையில், கீயில் உள்ள விடையை அப்படியே எழுதிய மூன்று பேருக்கு அந்த மூன்று மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. நான்காவது தாளில் ஒரு மாணவர், கோழி கிளறிய கையெழுத்தில், மூன்றாம் வகைக்கெழுவும் பூஜ்யம், நான்காவது −120, ஆகவே பெருமம் என்று எழுதியிருந்தார். அவருக்கு முழு மூன்று.

−120 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. வெப்பம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த வினாத்தாளைத் தயாரித்தது நான்.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய வினா இருந்தது. x⁵ − 5x⁴ + 5x³ − 1. அதற்கு x = 0-வில் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம், மூன்றாவது 30, ஒற்றைப்படை, ஆகவே இரண்டும் இல்லை. சுத்தமான கணக்கு. ஆனால் எல்லா வழிகாட்டி நூல்களும் அதைப் போட்டுத் தேய்த்துவிட்டன. கொஞ்சம் மாற்றுவோம் என்று கடைசி இரண்டு உறுப்புகளையும் வெட்டினேன். விடைக்குறிப்பில் புள்ளிகளைத் திருத்தினேன், 320-ஐப் புதிதாகப் போட்டேன். x = 0 என்ற வரியை மட்டும் தொடவில்லை. மூன்றாம் வகைக்கெழுவை அந்த வரியில் எழுதியிருந்தால் அது அங்கேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். தேர்வாளர்களுக்குத் தெரியாதா என்று சுருக்கமாக விட்டிருந்தேன். நான் வெட்டியெறிந்த 5x³-தான் அந்த விடையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

வினாத்தாள் தயாரிப்பவர் யார் என்பது ரகசியம். உறுதிமொழிப் பத்திரம் உண்டு. அந்தப் பட்டியல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பெட்டியில் இருக்கும். முகாமுக்கு யாரை அழைப்பது என்பது வேறொரு பிரிவின் கோப்பில் இருக்கும். இரண்டும் சந்திக்காது. சந்திக்கக் கூடாது என்று விதி எழுதியவனும் நான்தான். ஆகவே என் தவறை நானே சரி என்று சான்றளித்து, அதை ஏற்க மறுத்தவரை நானே விசாரிக்கும் நிலையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நேர்மையான மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது மேசைக்குப் போனேன்.

"மேடம், பதினாலாவது கொஸ்டின்ல கீயைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். கீ தப்பு."

குரலைத் தாழ்த்தவில்லை. ஆறாவது மேசையில் இருந்தவர் தலையைத் திருப்பினார்.

"கீ தப்பா இல்லையான்னு பார்க்கிறது நம்ம வேலை இல்லை. கீ பிரகாரம் போடுறதுதான் வேலை. மாத்திப் போட்டுடுங்க. நாலு தாள்தானே, இனிஷியல் பண்ணிடலாம்."

"நாலு இல்ல சார், பதினேழு. அந்தக் கொஸ்டினை எழுதின எல்லாருக்கும் இப்படித்தான் போட்டிருக்கேன்."

"அப்ப பதினேழையும்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். "சார், டெரிவேட்டிவே வேணாம். x = −1 போடுங்க, −6 வருது. x = 1 போடுங்க, −4 வருது. நடுவுல பூஜ்யத்துல பூஜ்யம். ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. கீழ கேட்ல உட்கார்ந்திருக்காரே வாட்ச்மேன் அண்ணா, அவருகிட்ட காட்டுனாகூட இது மேடுன்னுதான் சொல்லுவாரு."

"வாட்ச்மேன் கீயில கையெழுத்துப் போடலை, மேடம். நான் போட்டிருக்கேன்."

"அதான் சார் எனக்கும் ஆச்சரியமா இருக்கு," என்றார்.

ஆறாவது மேசை சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டது.

நான் என் மேசைக்குத் திரும்பினேன். அடுத்த பத்து நிமிடத்தில் முகாம் அலுவலர் வந்துவிட்டார். அவர் அந்தக் கல்லூரியின் துணை முதல்வர். கழுத்தில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா. இந்தக் கூடத்தில் எது நடந்தாலும் அவருக்கு எப்படியோ போய்விடும்.

"சார், அஞ்சாவது டேபிள்ல கீயை மதிக்கலையாமே? டீவியேஷன் போட்டுடுங்க. ஒரு மணிக்குள்ள கொடுத்தீங்கன்னா காலை ஸ்டேட்மென்ட்டோட சேர்த்து அனுப்பிடுவேன்."

"போட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"உங்களுக்குத் தெரியாததா சார்? காப்பி அவங்க காலேஜுக்குப் போகும். ஜூன்ல ரின்யூவல் கமிட்டி. மதிப்பீட்டுப் பணியில் கீழ்ப்படியாமைன்னு ஒரு வரி இருந்தா போதும், அடுத்த வருஷம் வேற ஆளு." கொஞ்சம் குனிந்து, "பாவம்தான். வூட்டுக்காரருக்கும் நிரந்தர வேலை இல்லையாம். ஆனா பேஜார் புடிச்ச கேஸ் சார். ஒண்ணை விட்டா நாளைக்கு எட்டு டேபிளும் எட்டு கீ வச்சுக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. பயிற்சிக் கூட்டங்களில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன், இதைவிட நல்ல தமிழில்.

விலகல் அறிக்கையை எடுத்தேன். தேர்வாளர் எண், கட்டு எண், வினா எண், கீயின்படி வழங்க வேண்டியது, வழங்கப்பட்டது. ஆறு கட்டங்கள் வரை கை தானாக ஓடியது. ஏழாவது கட்டத்தில் நின்றது.

ஏழாவது கட்டத்தில் இப்படி இருக்கும்: 'மேற்படி வினாவை நான் தனித்து முழுமையாகத் தீர்த்துப் பார்த்து, விடைக்குறிப்பு சரியானது என உறுதி செய்துகொண்டேன்.' அதன் கீழே தலைமைத் தேர்வாளரின் கையெழுத்து. பல ஆண்டுகளுக்கு முன், கீயைப் படிக்காமலேயே தலைமைத் தேர்வாளர்கள் கையெழுத்திடுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் நான் மேசையைத் தட்டிப் பேசி, இந்தக் கட்டத்தைச் சேர்க்க வைத்தேன். சும்மா கையெழுத்து போதாது, கீழே இடம் விட்டு, தீர்வையும் அவர் கையாலேயே எழுத வேண்டும் என்றும் சேர்த்தேன். ஐந்து வரி இடம் விட்டிருந்தேன். தாராளமாகத்தான் விட்டிருக்கிறேன்.

வேறு வழி இருக்கிறதா என்று விதிகளை மனத்துக்குள் புரட்டினேன். வினாவே தவறு என்றால், முயன்ற எல்லோருக்கும் முழு மதிப்பெண் தரலாம். ஆனால் வினா தவறில்லை. மதிப்பெண் வேறுபாடு என்று மூன்றாவது ஆளிடம் அனுப்பலாம்; அவரும் அதே கீயைத்தான் வைத்துப் போடுவார். உடம்பு சரியில்லை என்று எழுந்து போகலாம். அதற்கு மருத்துவ அலுவலர் வர வேண்டும், அதற்குள் ஒரு மணி ஆகிவிடும், துணைத் தலைமைத் தேர்வாளர் கையெழுத்திடுவார், அவர் எதையும் படிக்கமாட்டார். மூன்று வாசல்களையும் மூடியது ஒரே தச்சன். மூடும்போது வேலைப்பாட்டைப் பாராட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

இந்த நேரம் முழுவதும் ஐந்தாவது மேசை தன்பாட்டுக்கு அடுத்த கட்டைத் திருத்திக்கொண்டிருந்தது. ஒரு முறை நிமிர்ந்து என்னையும் என் முன்னால் இருந்த படிவத்தையும் பார்த்தார். அதன் நிறம் எல்லோருக்கும் தெரியும், இளஞ்சிவப்பு. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொள்ள வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

நான் ஐந்து வரிகளில் தீர்வை எழுதினேன். மற்றவர்களின் தாளில் இருப்பதைப் பார்ப்பது வேறு, நம் கை எழுதுவது வேறு. முதல் வகைக்கெழு 5x⁴ − 20x³. இரண்டாவது 20x³ − 60x². மூன்றாவது 60x² − 120x. நான்காவது 120x − 120. எல்லாவற்றிலும் பூஜ்யத்தைப் போட்டேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், −120. நான்காவது, இரட்டைப்படை. குறை எண். பெருமம்.

சாப்பாட்டு மணி அடித்தது. கதவு திறந்து எல்லோரும் டோக்கனோடு கீழே போனார்கள். நான் அந்தத் தாளோடு முகாம் அலுவலரின் அறைக்குப் போனேன்.

"கீ தப்பு" என்றேன்.

அவர் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். இயந்திரவியல்காரர், ஆனால் வகையிடத் தெரியும்.

"காலையில நீங்கதானே சார் கையெழுத்து போட்டீங்க?"

"போட்டேன். படிக்காம போட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"கீயைத் திருத்தணும். நேத்து திருத்தினது, இன்னைக்குத் திருத்தினது எல்லாத்திலயும் அந்தக் கொஸ்டினை மறுபடி பார்க்கணும். கொஸ்டின் பேப்பர் செட்டர் மேல ரிப்போர்ட் எழுதணும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சார், நாளையோட கேம்ப் முடியுது. எட்டு பேருக்கும் ரிலீவிங் ஆர்டர் ரெடி. சனிக்கிழமை வரைக்கும் இழுத்தா என்னை அடிக்க வருவாங்க. அந்த இடம் எப்படியும் தட்டையாத்தான் கீது. மேடா பள்ளமான்னு எவன் சார் போய்ப் பார்க்கப் போறான்?"

"ஒருத்தன் போய்ப் பார்த்திருக்கான். நாலாவது வகைக்கெழு வரைக்கும் போய்ப் பார்த்திருக்கான்."

"அந்த ஒருத்தனுக்கு மூணு மார்க் போட்டுடுவோம். மத்தவங்களுக்கும் மூணு போட்டுடுவோம். யாருக்கும் நஷ்டமில்லை. டீவியேஷனையும் கிழிச்சிடுவோம். என்ன சொல்றீங்க?"

ஒரு கணம் அது எவ்வளவு அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாவது மேசைக்காரருக்கு வேலை போகாது. மாணவர்களுக்கு மதிப்பெண் போகாது. என் பெயரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே உறங்கும். ஒரே குறை: சரியும் தவறும் ஒரே எடை ஆகும். அதோடு, ஐந்தாவது மேசை அதற்கு ஒத்துக்கொள்ளாது. பதினேழு தாளையும் மாற்றிப் போடச் சொன்னால், மறுபடி அந்த இளஞ்சிவப்புப் படிவத்தில்தான் வந்து முடியும். அவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் சரி என்று எழுத வேண்டும். அவர் சரி என்று எழுதினால் வினாத்தாள் தயாரித்தவர் தவறு என்று எழுத வேண்டும். இடையில் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை.

"போனைக் கொடுங்க. கன்ட்ரோலர்கிட்ட பேசணும்."

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே உதவியாளராக இருந்தவர். விவரத்தைச் சொன்னேன். மறுமுனையில் இரும்புப் பெட்டி திறக்கும் ஓசையும், காகிதம் புரளும் ஓசையும் கேட்டன. பிறகு காகிதம் புரள்வது நின்றது.

"சார்," என்றார். "செட்டர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியக்கூடாது. விதி."

"ஆமா சார். எனக்கு மட்டும்தான் தெரியணும்." தொண்டையைக் கனைத்தார். "ரிப்போர்ட் வந்தா அவரைப் பேனல்லேருந்து எடுத்தாகணும். கேம்ப் ட்யூட்டியும் இனிமே கிடையாது. எழுதித்தான் அனுப்பப் போறீங்களா?"

"எழுதித்தான் அனுப்புவேன்."

"கடுமையாவா?"

"விதிப்படி," என்றேன்.

என்னைப் பற்றி நானே எழுதிய அறிக்கை ஒரு பக்கம் வந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் போட்டேன். அடித்துவிட்டு 'பொறுப்பின்மை' என்று எழுதலாமா என்று யோசித்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் தாள் செல்லாது. கவனக்குறைவோடு விட்டேன்.

இரண்டு மணிக்குக் கூடத்தில் அறிவித்தேன். கீ திருத்தப்பட்டது. பதினான்காம் வினாவில் x = 0-வுக்கான மூன்று மதிப்பெண்ணை, எல்லாத் தாள்களிலும் மறுபடி பார்க்க வேண்டும். முகாம் சனிக்கிழமை வரை நீட்டிக்கப்படுகிறது. இளஞ்சிவப்புப் படிவத்தின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி, ஐந்தாவது மேசையில் காட்டி, கையெழுத்து வாங்கினேன். அவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

கூடம் கொதித்தது. ஒருவருக்கு மைத்துனர் கல்யாணம். இன்னொருவருக்குத் திருச்சிக்கு முன்பதிவு. "யாருங்க அந்த செட்டர்? x cube-ஐ மட்டும் பார்த்து வளர்ந்த ஆளா?" என்று இரண்டாவது மேசை கேட்டது. "மேடம், உங்களால எங்க சனிக்கிழமை போச்சு," என்று ஆறாவது மேசை சொன்னது. "போகட்டும் சார், ஞாயித்துக்கிழமை இருக்கில்ல" என்றார் அவர். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மதியமும் மறுநாளும் நான் பார்த்த தாள்களை மறக்க முடியவில்லை. 'f″ = 0, ஆகவே இரண்டும் இல்லை, x³ போல.' ஒரு கட்டில் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் மூன்று மதிப்பெண்ணைச் சிவப்பு மையால் எடுத்தோம். அதில் சிலர் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே போனார்கள். அவர்களுக்குக் கருணை காட்ட ஒரு விதி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதை எழுதியவனும் ஒரு கறார்ப் பேர்வழி.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கைபேசிகளைத் திருப்பித் தந்தார்கள். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன், தாம்பரம் வரை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எதிர் இருக்கையில் ஐந்தாவது மேசைக்காரர். அவருக்கும் தாம்பரம் போய்ப் பம்மலுக்கு மாற வேண்டும். எங்களோடு இன்னும் ஐந்து பேர், ஒரு அரிசி மூட்டை, ஒரு ஹெல்மெட். நகர்வதற்கு இடமில்லை. வண்டி நூறு அடி போய் நின்றது.

"சார், ரொம்ப நன்றி," என்றார். "அன்னைக்கு அந்த பிங்க் ஃபார்மை எடுத்தீங்களே, ஜூன் மாசம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"நன்றியெல்லாம் வேண்டாம்."

"இல்ல சார். வேற யாரா இருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பாங்க. அந்த செட்டரைத்தான் சார் நிக்க வச்சுக் கேட்கணும். ஏதோ பழைய கணக்குல டெர்மை வெட்டிட்டு ஆன்ஸரை அப்படியே விட்டிருக்கான் பாருங்க. சோம்பேறி. எத்தனை பசங்க ஃபெயில்."

கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு சரியாக நானே அறிக்கையில் எழுதவில்லை. தலையாட்டினேன். விதிப்படி நான் வாய் திறக்கக் கூடாது. உறுதிமொழிப் பத்திரத்தின் நான்காவது பிரிவு. வண்டி நகர்ந்து, மறுபடி நின்றது. அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நியாயமாக, சிரித்துக்கொண்டே, என் முகத்துக்கு நேரே. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் மீறிய முதல் விதி அதுதான் என்று நினைக்கிறேன்.

"அந்த செட்டர் நான்தான் மேடம்."

பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரில் அவர் வெளியே பார்த்தார். ஒரு தண்ணீர் லாரி எங்களை உரசுவது போல ஊர்ந்து போனது.

"நிஜமாவா?"

"நிஜம்."

"அப்ப வியாழக்கிழமை காலையில எங்கிட்ட வந்து மாத்திப் போடச் சொன்னீங்களே சார். அப்ப தெரியாதுல்ல?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"தெரியும்," என்றேன். "அந்தப் பையனோட −120-ஐப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவர் கைப்பையின் வாரைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். பிறகு முன்னால் குனிந்து, "அண்ணா, ஓரமா நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்" என்றார்.

"தாம்பரம்னுதானம்மா சொன்ன? இன்னும் பாதிகூட வரலியே."

"பரவால்ல அண்ணா. நடந்துக்கிறேன்."

அரிசி மூட்டையைத் தாண்டி, என் முழங்காலைத் தொடாமல் இறங்கினார். வண்டிகளுக்கு நடுவே புகுந்து நடந்தார். நெரிசலில் அவர் எங்களைவிட வேகமாக முன்னேறினார். கொஞ்ச தூரம் வரை பச்சைப் புடவை தெரிந்தது. காலியான இடத்தில் அரிசி மூட்டைக்காரர் மூட்டையைத் தூக்கி வைத்தார். என் கால் இன்னும் கொஞ்சம் நசுங்கியது.

"சார், நீங்களும் இங்கயா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லப்பா. தாம்பரம்."

"லேட்டாவும் சார். பார்த்துக்கினுதானே கீறீங்க."

"ஆகட்டும்," என்றேன்.